ப்ராஜெக்ட் நடுவுல வர்ற புது ஆளை டீமுக்கு எப்படி அறிமுகப்படுத்துறது?

கேள்வி: சார், நான் ஒரு வேர்ஹவுஸ் டீமுக்கு மேனேஜர். பழைய கோடவுன்லேர்ந்து புதுசுக்கு சரக்கு மாத்திட்டிருக்கோம், ஆறு வாரத்துல முடிக்கணும், மூணு வாரம் ஓடிருச்சு. ரெண்டு ஷிஃப்டும் சேர்த்து 14 பேர். வர்ற திங்கக்கிழமை ஒரு புது கொலீக் சேர்றாங்க. சப்ளையர் வண்டிங்க எந்த டாக்ல எப்ப வந்து சரக்கு இறக்கணும்னு டாக் டைம் குடுக்குற வேலை அவங்களுக்கு. இப்ப அதை எங்க சீனியர் ஒருத்தர் ஷிஃப்டிங் வேலையோட சேர்த்து பாக்குறாரு. போன தடவை ஒருத்தரை அறிமுகப்படுத்தும்போது அவரு படிப்பு, அனுபவம் எல்லாம் சொன்னேன், எல்லாரும் கை தட்டினாங்க, ஆனா ஒரு மாசம் வரைக்கும் யாரும் அவர்கிட்ட எதுக்கும் போகல. இந்த தடவை சுருக்கமா என்ன பேசணும்?

பதில்: நீங்க பேசும்போது எதிர்ல நிக்கிறவங்க மனசுல ஓடுறது ஒரே ஒரு கேள்விதாங்க, நாளைக்கு கேட்ல ஒரு வண்டி வந்து நின்னா நான் யாருக்கு போன் போடணும்? அதுக்கு பதில் கிடைக்கலன்னா நீங்க வேற எவ்ளோ நல்லா பேசினாலும் அவங்க பழைய நம்பருக்குதான் போடுவாங்க. அது புது ஆள் மேல இருக்கிற வெறுப்பு இல்ல, வேலை நெருக்கடியில யாரு உடனே பதில் சொல்வாங்கன்னு தெரியுமோ அவங்ககிட்டதான் எல்லாரும் போவாங்க. படிப்பும் அனுபவமும் இந்த கேள்விக்கு பதில் இல்லையே.

இன்னொரு கேள்வியும் இருக்கு, அதை யாரும் வாய் விட்டு கேக்க மாட்டாங்க. சீனியர்கிட்ட இருந்து ஏன் வேலையை எடுக்குறாங்க, அவரு ஏதாவது சொதப்பிட்டாரா? ப்ராஜெக்ட் ஆரம்பத்துல ஒருத்தர் சேர்ந்தா இந்த கேள்வி வராது, பாதியில சேர்ந்தா கண்டிப்பா வரும். இந்த ரெண்டுக்கும் பதில் சொன்னா போதும், உங்க பேச்சு முடிஞ்சது.

வசதிக்காக புதுசா வர்றவங்களை கவிதான்னும் சீனியரை செல்வம்னும் வெச்சுக்கறேன்.

நான் இதை தப்பா செஞ்ச கதையை முதல்ல சொல்லிடறேன். பல வருஷம் முன்னாடி, இதே மாதிரி ஒரு ஷிஃப்டிங் வேலை நடுவுல ஒருத்தர் வந்து சேர்ந்தாரு, நான் எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, இவரு டாக் வேலையில எல்லாத்துலயும் உங்களுக்கு ஹெல்ப்பா இருப்பாருன்னு சொன்னேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது நாள் காலையில 10 மணிக்கு ஒரே டாக்குக்கு ரெண்டு வண்டி வந்து நிக்குது. ஒண்ணு 40 அடி கன்டெய்னர், உள்ள பேலட் கிடையாது, பெட்டிங்களை தரையிலேர்ந்து மேல வரைக்கும் அப்படியே அடுக்கியிருக்காங்க, ஒவ்வொண்ணா கையால இறக்கணும், போதுமான ஆள் இருந்தாலே மூணு மணி நேரம் ஆகும். இன்னொண்ணு பேலட் போட்ட லாரி, ஃபோர்க்லிஃப்ட் வெச்சு முக்கால் மணி நேரத்துல காலி பண்ணியிருக்கலாம். கன்டெய்னர் முதல்ல உள்ள போயிடுச்சு, லாரி வெளிய நின்னுச்சு. அந்த டிரான்ஸ்போர்ட்டரோட எங்களுக்கு பேச்சு ரெண்டு மணி நேரம் ஃப்ரீ, அதுக்கு மேல வெயிட்டிங் சார்ஜ், அதை கட்டினோம். அதை விட பெரிய நஷ்டம், அந்த லாரியில இருந்த சரக்கு மத்தியானம் டிஸ்பேட்ச்ல போக வேண்டியது, அது அன்னிக்கு போகல.

விசாரிச்சு பாத்தா யார் மேலயும் தப்பு இல்லைங்க. கன்டெய்னர் டிரைவர் பழைய ஆளுக்கு போன் போட்டிருக்காரு, லாரிக்காரர் புது ஆளுக்கு போட்டிருக்காரு, ரெண்டு பேரும் 10 மணின்னு அவங்கவங்க ஷீட்ல எழுதிட்டாங்க. ஹெல்ப்பா இருப்பாருன்னு நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையாலதான் ரெண்டு ஷீட் உருவாச்சு. ஹெல்ப்னா முடிவு யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது, அப்ப ரெண்டு பேருமே முடிவெடுப்பாங்க, இல்லன்னா புது ஆள் ஒதுங்கி நிப்பாரு, எல்லாம் பழைய ஆள்கிட்டயே போகும். உங்க டீம்ல ஒரு மாசம் யாரும் அந்த ஆள்கிட்ட போகலன்னா அங்க நடந்தது ரெண்டாவது வகை.

அதனால பேச்சுக்கு முன்னாடி நீங்க பண்ண வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கு, அதை பண்ணாம பேச நின்னுடாதீங்க.

முதல்ல செல்வத்துக்கிட்ட தனியா உக்காந்து பேசுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள. எந்த வேலை கவிதாகிட்ட போகுது, எது அவர்கிட்டயே இருக்குன்னு அவரோட சேர்ந்தே பிரிங்க. உங்க கேஸ்ல அந்த கோடு எங்க விழும்னு நான் யோசிச்சு பாத்தேன், சிக்கல் டாக்லதான் வரும். ஏன்னா சப்ளையர் வண்டியும் பழைய கோடவுன்லேர்ந்து சரக்கு தூக்கிட்டு வர்ற உங்க சொந்த வண்டியும் ஒரே டாக்குங்களைத்தான் கேக்கும். புது கோடவுன்ல அஞ்சு டாக் இருக்குன்னு வெச்சுப்போம், 1, 2, 3 சப்ளையர் வண்டிக்கு, அது கவிதாவோடது, 4, 5 ஷிஃப்டிங் வண்டிக்கு, அது செல்வத்தோடது. ஒருத்தர் டாக் இன்னொருத்தருக்கு வேணும்னா முதல்ல அவங்ககிட்ட கேட்டுட்டுதான். வேலையை இப்படி கண்ணால பாக்குற மாதிரி பிரிச்சாதான் ஃப்ளோர்ல நிக்கிற ஆளுக்கு மனசுல நிக்கும், இன்பவுண்ட் கோஆர்டினேஷன்னு பதவிப் பேர் மட்டும் சொன்னா நிக்காது. இந்த விஷயத்தை செல்வம் முதல் தடவை எல்லாரோடயும் நின்னு கேக்குற மாதிரி மட்டும் ஆகிடக் கூடாது, இத்தனை வருஷம் வேலை பாத்த மனுஷனுக்கு முகம் சுருங்கிடும், அதை மொத்த டீமும் பாத்துடும், அதுக்கப்புறம் கவிதாவுக்கு எது சொல்லிக் குடுக்கவும் யாருக்கும் மனசு வராது.

அடுத்தது கவிதாவுக்கு ஒரு போன். எப்படி கூப்பிட்டா பிடிக்கும், முன்னாடி பாத்த வேலையில எதை நான் சொல்லலாம்னு கேளுங்க, பழைய கம்பெனி பேர் சொல்றதுல சிலருக்கு சங்கடம் இருக்கும். அவங்களும் ரெண்டு வார்த்தை பேசணுமான்னும் முன்கூட்டியே சொல்லிடுங்க, திடீர்னு எல்லார் முன்னாடியும் உங்களைப் பத்தி சொல்லுங்கன்னா நல்லா பேசுறவங்களே தடுமாறிடுவாங்க.

கடைசியா சிஸ்டம் லாகின், போன் நம்பர், டாக் டைம் எழுதுற ஸ்லாட் ஷீட்டை எடிட் பண்ற பர்மிஷன், இது மூணும் எந்த நாள் கைக்கு வரும்னு ஐடி ஆளுங்ககிட்ட நாள் வாங்கிக்கோங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா வியாழக்கிழமைலேர்ந்து கவிதாகிட்ட கேளுங்கன்னு நீங்க சொல்லிட்டு, வியாழக்கிழமை அவங்களுக்கு லாகினே வரலன்னா, போன் எடுத்துட்டு அவங்க செல்வத்துக்கிட்டதான் போய் நிக்கணும், டீம் அன்னிக்கே முடிவு பண்ணிடும் இவங்ககிட்ட கேட்டு பிரயோஜனம் இல்லன்னு. அந்த எண்ணத்தை மாத்த ரெண்டு மூணு வாரம் ஆகும், உங்களுக்கு மொத்தமா இருக்கிறதே மூணு வாரம்தான்.

இப்ப பேச்சு. காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது எல்லாரும் கூடுற இடத்துலயே பேசுங்க, கான்ஃபரன்ஸ் ரூமுக்கு கூப்பிடாதீங்க. நான் உங்க இடத்துல இருந்தா இப்படித்தான் பேசுவேன்:

"எல்லாருக்கும் காலை வணக்கம், ரெண்டு நிமிஷம்தான். இவங்க கவிதா, இன்னிலேர்ந்து நம்ம டீம். இதுக்கு முன்னாடி மூணு வருஷம் ஒரு பெரிய கோடவுன்ல டாக் ஸ்லாட் வேலை மட்டும் பாத்திருக்காங்க. நம்ம ஷிஃப்டிங்க்ல ஒரு நாளைக்கு வர்ற வண்டி நாம பிளான் போட்டதை விட ஜாஸ்தியா இருக்கு, செல்வம் அண்ணன் சப்ளையர் வண்டியையும் ஷிஃப்டிங் வண்டியையும் ஒரே ஆளா மூணு வாரமா பாத்துட்டிருக்காரு, அது ரெண்டு ஆள் வேலை. அதனால ஒரு ஆள் வேணும்னு கேட்டதே நானும் அவரும்தான். இன்னிக்கு, நாளைக்கு, நாளன்னிக்கு கவிதா செல்வம் அண்ணன் கூடவே இருப்பாங்க, இந்த மூணு நாளும் ஸ்லாட் எல்லாம் அவருதான் குடுப்பாரு, எதுவும் மாறல. வியாழக்கிழமை காலை 6 மணிலேர்ந்து டாக் 1, 2, 3 கவிதாவோடது. சப்ளையர் வண்டி எது வந்தாலும், லேட் ஆனாலும், நேரம் மாத்தணும்னாலும் அவங்களுக்கு போன் போடுங்க. பழக்கத்துல செல்வம் அண்ணனுக்கு போட்டீங்கன்னா அவரு பதில் சொல்ல மாட்டாரு, கவிதாவுக்கு போடுங்கன்னுதான் சொல்வாரு, அது நாங்க பேசி வெச்சது, தப்பா எடுத்துக்காதீங்க. டாக் 4, 5, ஷிஃப்டிங் வண்டி எல்லாம் எப்பவும் போல அண்ணன்தான். ஒரே நாளுக்குள்ள ஸ்லாட் முன்ன பின்ன மாத்துறது கவிதா முடிவு. வேற நாளுக்கு தள்ளணும்னா மட்டும் அவங்க எங்கிட்ட கேப்பாங்க. நம்ம ரேக் நம்பர், நம்ம சரக்கு எதுவும் அவங்களுக்கு இன்னும் தெரியாது, இந்த வாரம் கேப்பாங்க, சொல்லிக் குடுங்க. கவிதா, வாங்க. சரி, இன்னிக்கு முதல் வண்டி 6.30க்கு, ஆரம்பிக்கலாம்."

நிதானமா பேசினாலும் ரெண்டு நிமிஷத்தை பெருசா தாண்டாது. இதுல சில வரி ஏன் அப்படி இருக்குன்னு சொல்றேன், மத்தது உங்களுக்கே புரியும்.

அவங்க அனுபவத்துக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் குடுத்திருக்கேன், அதுவும் இங்க பண்ணப் போற வேலையை முன்னாடி பண்ணியிருக்காங்கங்கற அளவுக்கு மட்டும். அவங்க வாங்கின சர்ட்டிஃபிகேட்டு, மேனேஜ் பண்ண ஆளுங்க எண்ணிக்கை எல்லாம் வேண்டாம். மூணு வாரமா ஓவர்டைம் பாத்து களைச்சுப்போன ஆளுங்ககிட்ட புதுசா வந்தவங்களோட பெருமையை நீட்டி பேசினா, அப்ப நாங்க என்னன்னு ஒரு கசப்பு வரும். இவங்க வந்துட்டாங்க, இனிமே எல்லாம் சரியாயிடும்னு ஒரு வார்த்தை கூட வந்துடக் கூடாது, அது இதுவரைக்கும் ஓடினவங்களை குறைச்சு பேசுற மாதிரியும் ஆகும், கவிதா தலையில முதல் நாளே தூக்க முடியாத சுமையை வெச்ச மாதிரியும் ஆகும்.

ஆள் கேட்டதே நானும் அவரும்தான்ங்கற வரி, அந்த வாய் விட்டு கேக்காத கேள்விக்கு பதில். அது உண்மையா இருந்தா மட்டும் சொல்லுங்க. உண்மையில செல்வம் கேக்கல, நீங்களோ மேலிடமோ முடிவு பண்ணதுன்னா, வண்டி எண்ணிக்கை கூடிடுச்சு, ஒரு ஆளால முடியாது, அதனால நான் கேட்டேன்னு சொல்லுங்க, அதுவும் போதும். பொய் சொன்னா சாப்பாட்டு இடைவேளைக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

வியாழக்கிழமை காலை 6 மணின்னு நேரத்தோட சொன்னதுக்கு காரணம் இருக்கு. சீக்கிரமே, போகப் போகன்னு சொன்னா அந்த நாள் வரவே வராது. மூணு நாள் போதுமான்னு கேக்கலாம், ஸ்லாட் வேலை தெரிஞ்ச ஆளுக்கு போதும். அவங்க புதுசா கத்துக்க வேண்டியது உங்க சப்ளையருங்கள்ல யாரு எப்பவும் லேட்டா வருவாங்க, யாரோட கன்டெய்னர் பேலட் இல்லாம வரும், எந்த டாக்ல பெரிய வண்டி திரும்பாது, இந்த மாதிரி விஷயங்கள்தான், அதை செல்வம் பக்கத்துல உக்காந்து போன் பேசுறதை கேட்டாலே பாதி வந்துடும். ஸ்லாட் வேலையே புதுசுன்னா மூணு நாள் பத்தாது, ஒரு முழு வாரம் குடுங்க. எப்படி இருந்தாலும் கை மாறுற நாள் மாசக் கடைசியிலயோ, பெரிய லாட் ஷிஃப்ட் பண்ற நாள்லயோ விழக் கூடாது, அப்படி விழுந்தா ஒரு நாள் தள்ளி வெச்சு அந்த நாளையே பேச்சுல சொல்லுங்க.

வேற நாளுக்கு தள்ளணும்னா என்கிட்டங்கறது கன்டெய்னருக்காக வெச்சது. துறைமுகத்துலேர்ந்து கன்டெய்னரை எடுக்கவும், காலியா திருப்பிக் குடுக்கவும் ஃப்ரீ டைம் சில நாள்தான் இருக்கும், அதைத் தாண்டினா நாள் கணக்குல சார்ஜ் ஏறும். ஸ்லாட் ஷீட்டை பாத்தா அந்த கடைசி நாள் தெரியாது, அது பேப்பர் வேலை பாக்குறவங்ககிட்ட இருக்கும். புது ஆளுக்கு அது தெரியாம நல்ல எண்ணத்துல, சரி இன்னிக்கு நெரிசலா இருக்கு, நாளைக்கு வாங்கன்னு சொல்லிடுவாங்க. அதனால அந்த ஒரு முடிவை மட்டும் கொஞ்ச நாள் உங்ககிட்ட வெச்சுக்கோங்க, ஆனா அதை எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. இல்லன்னா பின்னாடி நீங்க அவங்க குடுத்த ஒரு ஸ்லாட்டை மாத்தும்போது, மேனேஜருக்கே இவங்க மேல நம்பிக்கை இல்லன்னு படும்.

சாயந்தர ஷிஃப்டுக்கும் இதே பேச்சை நீங்களே நேர்ல நின்னு பேசுங்க, கவிதாவையும் இருக்க சொல்லுங்க. காலையில பேசிட்டு சாயந்தரத்துக்கு வாட்ஸ்அப்ல போட்டு விட்டா அந்த ஷிஃப்ட் ஆளுங்க செல்வத்துக்கே போன் பண்ணிட்டிருப்பாங்க, ஒரே வண்டிக்கு ரெண்டு நேரம்ங்கற குழப்பம் பெரும்பாலும் ஷிஃப்ட் மாறுற நேரத்துலதான் வரும். அப்புறம் பேச்சு முடிஞ்ச உடனே அவங்களை நேரா ஃப்ளோருக்கு கூட்டிட்டு போயிடாதீங்க. சேஃப்டி இண்டக்‌ஷன் முடிச்சு, ஷூவும் ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட்டும் குடுத்து, ஃபோர்க்லிஃப்ட் ஓடுற வழி எது, ஆள் நடக்குற வழி எதுன்னு காட்டின பிறகுதான். இடம் மாறுற நேரத்துல ரேக் வழியெல்லாம் தினம் மாறிட்டே இருக்கும், பழகினவங்களே ஏமாந்துடுவாங்க.

டிரான்ஸ்போர்ட்டருங்களுக்கு வேற ஒரு மெசேஜ் போகணும், புதன்கிழமை மத்தியானம், செல்வம் நம்பர்லேர்ந்தே. அவங்களுக்கு அறிமுகம் எல்லாம் தேவையில்ல, "வியாழன் காலை 6 மணி முதல் டாக் டைமுக்கு இந்த நம்பர், பேர் கவிதா. என் நம்பர்ல டாக் டைம் கிடைக்காது"ன்னு ரெண்டு வரி போதும். உங்க பேச்சை டிரைவருங்க யாரும் கேக்கலையே, ஸ்லாட் கேட்டு வர்ற போன்ல முக்கால்வாசி அவங்களோடதுதான், இதை விட்டுட்டு வேற எதை நல்லா செஞ்சாலும் கை மாறாது.

வியாழனும் வெள்ளியும் ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க, செல்வம் போனுக்கு சப்ளையர் வண்டி பத்தி எத்தனை கால் வருது, அதுல எத்தனைக்கு அவரே பதில் சொல்றாரு. கால் வர்றது பிரச்சனை இல்ல, பழக்கம் போக நாளாகும். அவரு பதில் சொல்றதுதான் பிரச்சனை. அதுவும் நல்ல மனசுலதான் சொல்வாரு, கவிதாவை கூப்பிட்டு, விளக்கி, திரும்ப சொல்றதுக்கு பதிலா அரை நிமிஷத்துல முடிஞ்சிடுமேன்னு. ஆனா ஒரு தடவை அவரு பதில் சொன்னா அந்த டிரைவர் அடுத்த பத்து தடவையும் அவருக்குதான் போடுவாரு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவரு கால் லிஸ்ட்டை ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க, குத்தம் கண்டுபிடிக்கிற மாதிரி இல்லாம, யாரு இன்னும் கூப்பிடுறாங்கன்னு பாக்கத்தான். பொதுவா ரெண்டு மூணு டிரான்ஸ்போர்ட்டர்தான் திரும்பத் திரும்ப இருப்பாங்க, அவங்க ஆபீஸுக்கு நீங்களே ஒரு போன் போட்டா தீர்ந்துடும்.

கவிதா பக்கமும் ஒரு அடையாளம் இருக்கு. அவங்க முடிவுன்னு நீங்க சொன்ன விஷயத்துக்கே உங்ககிட்ட வந்து இதை பண்ணட்டுமான்னு கேட்டாங்கன்னா, யாரோ அவங்க குடுத்த ஸ்லாட்டை ஏத்துக்கலன்னு அர்த்தம். அப்ப சரி, பண்ணுங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க, யார்கிட்ட என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. பெரும்பாலும் ஃபோர்க்லிஃப்ட் ஆளோ கேட் ஆளோ, செல்வம் அண்ணன் சொன்னாரான்னு கேட்டிருப்பாங்க. அந்த ஆள்கிட்ட கவிதாவை கூட்டிட்டுப் போய் திரும்ப பேச வேண்டாம். செல்வத்தை விட்டு, 1, 2, 3 இப்ப கவிதாதான்ப்பான்னு சொல்ல சொல்லுங்க, அவரு வாயால வந்தா அன்னியோட முடிஞ்சிடும்.

வெள்ளிக்கிழமைக்குள்ள செல்வத்தோட உக்காந்தும் டாக் பிரிக்க முடியல, இல்ல லாகின் நாள் கிடைக்கலன்னா, திங்கக்கிழமை கவிதா பேரையும் இந்த வாரம் செல்வம் கூட இருப்பாங்கன்னும் மட்டும் சொல்லிட்டு விட்டுடுங்க. வேலை கை மாறுற நாள் முடிவானதும் அன்னிக்கு காலையில நின்னு மீதியை பேசிக்கலாம்.